கவுன் வந்து சேரவில்லை என்றார்கள்

பிரேசர் டவுனில் நானும் மனைவியும் கல்யாண கவுன் தைத்து விற்கிறோம். சின்னக் கடை. கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கம்பெனியிலிருந்து ஒரு காலை மெயில் வந்தது. கவுன் வாங்கியவர், பொருள் வந்து சேரவில்லை என்று தன் வங்கியில் புகார் செய்திருக்கிறாராம். பணத்தைப் பிடித்துவிட்டார்கள். ஏழு நாளுக்குள் ஆதாரம் ஏற்றாவிட்டால் அது அவருக்கே போய்விடும்.

அந்தப் பணத்தில்தான் கடை வாடகையைக் கட்ட வேண்டும். இரண்டு மாதப் பாக்கி. இந்த மாதமும் தவறினால் பூட்டு மாட்டுவேன் என்று கட்டிடச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

எங்கள் கிறிஸ்தவ ஆட்களில் பெண்ணின் கவுன் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. கார்டு மாப்பிள்ளையுடையது, கவுன் போனது ஆஸ்டின் டவுனில் பெண் வீட்டுக்கு. கூரியரில் போட்டால் கசங்கும் என்று நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாண வீட்டில் பேப்பரை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது அசிங்கம் என்று நினைக்கிற பெரிய மனுஷன் நான். பில் இருந்தது, அளவுச் சீட்டு இருந்தது. கொடுத்ததற்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. நாட்கள் ஓடின. ஆறாம் நாள் வெட்கத்தை விட்டுப் பெண் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளே திறந்தாள்.

"கல்யாணம் நின்னு போச்சு அங்கிள். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. திரும்பிவிடலாமா என்று தோன்றியது. திரும்பவில்லை. கடை கண்ணுக்குள் நின்றது. மெயிலைக் காட்டினேன்.

"வரவே இல்லைன்னா சொல்லிருக்காரு?"

"ஆமாம்மா. கிடைச்சதுன்னு நீ நாலு வரி எழுதிக் கொடுத்தா..."

"நான் எழுதினா, சும்மா எழுதிக் கொடுத்தேன்னு சொல்லுவாரு."

நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். மாப்பிள்ளையோடு பேசிய வாட்ஸ்அப் எங்கோ அடியில் கிடந்தது, தேடி எடுக்க நேரமானது. இத்தனை நாள் அதைத் திறக்கவே இல்லை போலிருக்கிறது.

கவுன் போன அன்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு அவருக்குப் போட்டோ அனுப்பியிருந்தாள். "கவுன் வந்துடுச்சு" என்று கீழே எழுதியிருந்தாள். தேதி, நேரம், அவர் நம்பர் எல்லாம் தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே அவர் பதில்.

"இது போதுமா அங்கிள்?" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போதும் என்று மட்டும் சொன்னேன்.

அன்றே ஆதாரத்தை ஏற்றினேன். அதைக் காட்டிக் கட்டிடச் சொந்தக்காரரிடம் தவணை வாங்கினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பணம் திரும்பியது, கடை பிழைத்தது. மனைவி மெழுகுவர்த்தி ஏற்றினாள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அன்று ஆதாரங்களை ஏற்றும்போது ஒவ்வொரு தாளும் எதை நிரூபிக்கிறது என்று அதன் எதிரே உள்ள கட்டத்துக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். பில்லுக்கு எழுதினேன், அளவுச் சீட்டுக்கு எழுதினேன். "நீ ரொம்ப அழகா இருக்க. அந்த நாள் எப்போ வரும்னு இருக்கு" என்ற அவர் பதிலுக்கு நேராக, "பொருள் பெறப்பட்டதை வாங்கியவரே ஒப்புக்கொண்டது" என்று என் கையாலேயே எழுதினேன்.