தோற்ற நாளின் படம்

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹென்டர்சனில் உணவு பொதியிடும் ஆலையில் எனக்கு வேலை. மணிக்கொரு தடவை குளிரறையின் வெப்பநிலையைப் பேனாவால் குறிக்க வேண்டும். வெப்பம் கூடிப்போன மணியையும் மறைக்காமல் எழுத வேண்டும். தாளைக் கிழிக்கக் கூடாது.

மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் என் சகலன், மனைவியின் அக்கா கணவர், புதிய கார் வாங்கினார். என் மனைவி அதன் கதவைத் தடவிப் பார்த்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

பணம் பெருக்கும் வழி ஒன்றையும் அவர் சொன்னார்: இணையத்தில் ஒருவர் வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்கும் வியாபாரம் செய்கிறாராம். மாதக் கட்டணம் கட்டினால், அவர் வாங்குவதும் விற்பதும் சகலனின் கணக்கிலும் தானாகவே நடக்குமாம். கட்டணம் கட்டியவர்களுக்குக் கைபேசியில் ஒரு குழு, அதில் அவர் தன் கணக்கின் படங்களைப் போடுவாராம்.

"மாசம் எட்டு வீதம், நிச்சயம் தம்பி. நீ குளிருக்க நிண்டு சாகிறாய்," என்றார் சகலன்.

வீடு வாங்கச் சேர்த்த முழுப் பணத்தையும் அதில் போடலாம் என்றாள் மனைவி. சகலன் சொன்னது பொய்யாகிப் போக வேண்டும் என்ற ஆசையிலேயே மூன்று கிழமையாக, வேலைக்குப் போய்வரும் ரயிலில் இது பற்றிய தமிழ்க் காணொளிகளைப் பார்த்தேன்.

ஞாயிறு அவர் வீட்டில் சாப்பிட்டபோது கேட்டேன்.

"அண்ணை, குழுவில எல்லாம் வெண்ட படம். தோத்த நாளின்ர படம் எங்கை?"

"அவர் தோக்கிறேல்லையடா."

"அப்ப அவற்ர கணக்கைப் பார்க்க மட்டும் ஒரு கடவுச்சொல் கேளுங்கோ. அதால வியாபாரம் செய்யேலாது, காசு எடுக்கேலாது. பழசு முழுக்கத் தெரியும்."

சிரித்துக்கொண்டே அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பினார். சோறு ஆறுமுன் பதில் வந்தது: நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை. அடுத்த நிமிடம் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள்.

"இருந்தாலும் என்ர கணக்கில காசு ஏறுதே!" என்று கைபேசியை நீட்டினார்.

இருப்பு ஏறித்தான் இருந்தது. அதன் கீழே இருந்த இன்னொரு தொகையைக் காட்டினேன். இன்னும் முடிக்காமல் நிற்கும் வியாபாரம் எல்லாவற்றையும் இன்றே முடித்தால் கையில் மிஞ்சுவது அதுதான். இருப்பில் பாதிகூட இல்லை. வென்றதை உடனே முடித்து, தோற்றதை மாதக்கணக்கில் முடிக்காமல் விட்டிருந்தார் அந்த ஆள். முடிக்காத நட்டம் இருப்பில் தெரியாது.

முதலில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதுவும் தாள் கிழித்த மாதிரிதான். பிறகுதான் அக்கா சாப்பாட்டை விட்டு எழுந்து போனதைக் கண்டேன்.

அன்றே எல்லாவற்றையும் முடித்து, மிஞ்சியதை எடுத்தார். வாசல்வரை வந்தவர் கேட்டார்:

"எரிச்சலிலதானே தேடினனி?"

"ஓம் அண்ணை."

"நல்லகாலம். இல்லாட்டி உன்ர வீட்டுக் காசும் போயிருக்கும்."

எங்கள் பணம் வங்கியிலேயே இருக்கிறது. அவர் இன்னும் அந்தக் காரில்தான் வருகிறார். சத்தமில்லாத நல்ல கார். பார்க்கும்போது இப்போதும் எரிகிறது.

2026 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை.