முந்நூற்று இரண்டு நரம்புகளும் ஒரு பசியும்

ஆய்வகத்தில் அவளைப் ‘பேனா அக்கா’ என்பார்கள். ஒரு மில்லிமீட்டர் புழுவை ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சீவி, மின்நுண்ணோக்கியில் எடுத்த படங்களில், எந்த நரம்பு எதைத் தொடுகிறது என்று வண்ணப் பேனாவால் கோடு போடுவதுதான் வேலை. பதினோரு வருஷம். மொத்தம் முந்நூற்று இரண்டு நரம்பணுக்கள். படத்தில் ஒரு மடிப்பு விழுந்து இரண்டு இழைகள் இடம் மாறியதைக் கண்டுபிடிக்கவே ஒரு மழைக்காலம் போனது.

கடைசிக் கோடு போட்ட அன்று, புழு வளர்ப்பவன் அவளைக் கூப்பிட்டான். நாற்ற மருந்தில் தோய்த்த முடியை இரண்டு புழுக்களின் மூக்கருகே நீட்டினான். தின்று கொழுத்தது சட்டென்று பின்வாங்கியது. பட்டினி கிடந்தது வெகுநேரம் அப்படியே நின்றது.

“ரெண்டுக்கும் உங்க படம் ஒண்ணுதான்க்கா. பசிச்சா உடம்புக்குள்ள சுரக்கிறது மாறிடும். அது படத்துல எங்க இருக்கு?”

அவளுக்குச் சுருக்கென்றது. முடித்த படத்தோடு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

“கட்டுரை தயார்மா. உங்க பேர் போட இடமில்ல. கோடு போட்டதுக்கெல்லாம் பேர் போட முடியுமா? அடுத்த புழு வருது, இருக்கீங்களா?”

வீட்டில் வேலை போன கணவன், படிக்கிற இரண்டு பெண்கள். அவள் வெகுநேரம் அப்படியே நின்றாள்.

“இருக்கேன் சார்.”