விற்காத சரக்கின் உபரி

பல்கலைக்கழகத் தேர்வின் பொருளியல் விடைத்தாள்களைத் திருத்த மயிலாப்பூரில் ஒரு கல்லூரிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். விடைத்தாள் திருத்தும் அந்த முகாமின் தலைவர் எங்களைவிட மூத்த பேராசிரியர். காலையிலேயே விடைக்குறிப்பைக் கையில் கொடுத்து, "இதில் இருப்பதுதான் சரி" என்று சொல்லிவிட்டார்.

கேள்வி எளிமையானது. தேவைக் கோடு இறங்குகிறது, அளிப்புக் கோடு ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் சமநிலை விலைக்குக் கீழே அரசு ஓர் உச்சவிலை வைக்கிறது. இப்போது நுகர்வோர் உபரி, அதாவது வாங்குபவர் தரத் தயாராக இருந்த விலைக்கும் உண்மையில் தந்த விலைக்கும் உள்ள வித்தியாசம், எந்தப் பரப்பு?

விடைக்குறிப்பில் புது விலைக்கு மேலே, தேவைக் கோட்டின் கீழே இருந்த பெரிய முக்கோணம் முழுவதும் கோடிடப்பட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தின்படி அந்த விலைக்கு எழுபது மூட்டை கேட்பார்கள், சரி. ஆனால் விற்பவர்கள் முப்பதுதானே கொண்டுவருவார்கள்?

எனக்குத் தந்த விடைத்தாள் கட்டில் ஒரு தாளில் மாணவி ஒருத்தி முப்பதிலேயே செங்குத்தாக ஒரு கோடு போட்டு நிறுத்தியிருந்தாள். அதற்கு இடப்பக்கம் இருந்த சரிவகம் மட்டும்தான் நுகர்வோர் உபரி. அதன் கீழே, அளிப்புக் கோட்டுக்கு மேலே, சுருங்கிப்போன சின்ன முக்கோணம் விற்பவருக்குக் கிடைக்கும் உற்பத்தியாளர் உபரி. அந்தச் செங்குத்துக் கோட்டுக்கு வலப்பக்கம், சமநிலை வரைக்கும் இரு கோடுகளுக்கும் நடுவே இருந்த முக்கோணத்தில் 'யாருக்கும் கிடைக்காமல் போன இழப்பு' என்று எழுதியிருந்தாள். குறிப்பின்படி அவளுக்குப் பூஜ்யம்.

தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன்.

"சார், குறிப்பு தப்பு. நடக்காத விற்பனைக்கு உபரி கணக்கிட்டிருக்காங்க."

"மேடம், நூற்றுக்கணக்கான தாள் திருத்தியாச்சு. இப்ப போய் இதைக் கிளறாதீங்க."

"திருத்தினது தப்பா இருந்தா திரும்பத் திருத்தணும் சார்."

"நீங்க என்ன, குறிப்பு போட்டவங்களைவிடப் பெரிய ஆளா?"

அதுதான் என்னைச் சுட்டது. நேராகக் கரும்பலகைக்குப் போனேன். கூடமே திரும்பிப் பார்த்தது. கோடுகளை வரைந்தேன். "அதிகம் தரத் தயாரானவங்களுக்கே சரக்கு கிடைக்குதுன்னு வெச்சுப்போம். முப்பத்தோராவது மூட்டை எங்கே? கடைக்கே வரலை. வராத மூட்டையில எவருக்கு லாபம்?"

பக்கத்து மேசையிலிருந்த ஒரு சார் மெல்லத் தன் கட்டைப் பிரித்து, திருத்தி முடித்த தாள்களை மறுபடி எடுத்தார். பிறகு இன்னொருவர்.

"நீங்க குறிப்பின்படி போடலேன்னா முகாமைவிட்டுப் போகலாம்" என்றார் தலைவர்.

"போறேன் சார். ஆனா இந்தத் தாளுக்கு முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்து வெச்சுட்டுத்தான் போவேன்."

போட்டேன். வெளியே போய் அடையாறு பஸ் ஏறினேன். மறுநாள் திருத்திய குறிப்பு ஒன்று எல்லா மேசைக்கும் போனதாகச் சக ஆசிரியை போனில் சொன்னாள். அதைப் போட்டவர் யாரென்று யாரும் சொல்லவில்லையாம்.

அதற்குப் பிறகு என்னை எந்த முகாமுக்கும் அழைக்கவில்லை. அழைக்காவிட்டால் போகட்டும்.