தலைகீழாய் நின்ற அம்புக்குறிகள்

எனக்கு முன்கோபம் உண்டு. வகுப்பில் அது கிண்டலாகத்தான் வெளிவரும். பிள்ளைகள் சிரிப்பதால் அதை என் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

ராஜபாளையம் கல்லூரியில் முதலாமாண்டு விலங்கியலுக்கு உணவு வலை நடத்தினேன். கரும்பலகையைத் தொடவில்லை, வாயால்தான் சொன்னேன். கேட்டதைப் படமாக்கி, ஒவ்வொன்றும் எந்த நிலை என்று பெயரிட்டு, ஆற்றல் போகும் வழிக்கு அம்புக்குறி போட்டு வரச் சொன்னேன்.

சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி இருந்தாள். பி.காம் படித்தால் ஆலை ஆபீஸில் வேலை கிடைக்கும் என்ற அப்பாவிடம் மல்லுக்கட்டி விலங்கியலில் சேர்ந்தவள். அவள் படத்தில் நெல் உற்பத்தியாளர். வெட்டுக்கிளியும் எலியும் முதல்நிலை நுகர்வோர். பாம்பை இரண்டு நிலைகளில் எழுதியிருந்தாள், எலியைத் தின்றால் இரண்டாம்நிலை, தவளையைத் தின்றால் மூன்றாம்நிலை என்று. ஒவ்வொரு நிலையிலும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாய் வெளியேறுவதையும் காட்டியிருந்தாள். சூரியனிலிருந்து நெல்லுக்கு வந்த அம்புக்குறி சரி. அதற்கு மேலே எல்லாமே தலைகீழ்: பாம்பிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து நெல்லுக்கு.

தாளை வகுப்புக்குத் தூக்கிக் காட்டினேன்.

“ஏட்டி, உங்க ஊர்ல எலிதான் பாம்பைத் தின்னுதா?”

வகுப்பே சிரித்தது. “நீங்க சொன்னதத்தான் மேம்...” என்று ஆரம்பித்தாள்.

“எலி பாம்பைத் தின்னும்னா நான் சொன்னேன்?”

மறுபடி சிரிப்பு. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வராதவர்களுக்காக என் வகுப்புகளைப் போனில் பதிவு செய்து வைப்பேன். மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் உணவு வலை நடத்திய வகுப்பைக் கேட்டேன். வெட்டுக்கிளி நெல்லைத் தின்னும். தவளை வெட்டுக்கிளியைத் தின்னும். பாம்பு தவளையைத் தின்னும். ஒரு மணி நேரம் முழுக்க இப்படியே சொல்லியிருக்கிறேன். தின்னப்படுவதிடமிருந்துதான் தின்பதற்கு ஆற்றல் போகிறது, அம்புக்குறியும் அப்படித்தான் போகவேண்டும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மற்றவர்கள் கைடைப் பார்த்து வரைந்திருந்தார்கள். என் பேச்சை மட்டும் நம்பி, நான் சொன்ன வரிசையிலேயே தின்பதிலிருந்து கோடு இழுத்தவள் இவள் ஒருத்திதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவளைத் தேடினேன். பி.காமுக்கு மாற்றல் வாங்கிவிட்டாள் என்றார்கள். வணிகவியல் வகுப்பு வாசலுக்கே போய்க் கூப்பிட்டேன்.

“தப்பு என்னோடதும்மா. நான்தான் சரியாச் சொல்லல. திரும்பி வா, பிரின்சிபால்கிட்ட நான் பேசுதேன்.”

அவள் முகத்தில் கோபமில்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“வேண்டாம் மேம். எங்கப்பா அப்பவே சொன்னாவ, உனக்கு அதெல்லாம் வராதுன்னு. அவிய சொன்னது சரியாத்தான் போச்சு.”