வாசல் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்

பாலிகஞ்சில் எங்கள் ஆபீஸுக்கு நான்தான் அட்மின். டீத்தூள் தீர்ந்தாலும் குழாய் ஒழுகினாலும் என் தலைதான் உருளும். அந்தத் தலைக்குத்தான் ஒரு நாள் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது. புதிதாகத் துப்புரவு சேவை ஆரம்பித்திருக்கிறார்களாம். ஆள், மெஷின், மருந்து எல்லாம் அவர்களுடையதாம். ஒரு தடவை இலவசமாக வந்து சுத்தம் செய்து காட்டுவார்களாம், பிடித்தால் மட்டும் ஒப்பந்தமாம். எங்க ஆபீஸ் குப்பையா இருக்குன்னு இவங்களுக்கு யார் சொன்னது? பதில் போடவில்லை.

அதே செய்தியை முதலாளிக்கும் அனுப்பிவிட்டார்கள். சும்மா வருவதை ஏன் விட வேண்டும் என்றார் அவர். ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பார் மனுஷன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் அந்தச் சேவையிலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், பாத்ரூம் எத்தனை, சாவி யாரிடம் என்று குறித்துக்கொண்டாள். பிறகு மெஷினைப் போட்டு, வாசல் பக்கம் மொசைக்கில் பாய் அகலத்துக்கு ஒரு கட்டத்தை மட்டும் வெளுக்கத் தேய்த்தார்கள். மிச்சத்தைத் தொடவே இல்லை. வித்தியாசம் தெரியத்தான் என்று சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளி அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான். "அப்படின்னா இத்தனை நாள் மாசி என்ன பண்ணிட்டிருந்தா?"

மாசி என்றால் இங்கே பெங்காலியில் சித்தி முறை. டாக்குரியாவிலிருந்து தினம் வந்து பெருக்கித் துடைப்பவளை ஆபீஸே அப்படித்தான் கூப்பிடும். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு கிடையாது. அவளையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வயசானவர்களை எடுப்பதில்லையாம். முடிவைத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார் முதலாளி.

சனிக்கிழமை காலை மாசி வந்தாள். கட்டத்தைப் பார்த்துச் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, நாளன்னைக்கு வர வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு பழந்துணியும் தண்ணி மாதிரி ஃபினாயிலும்தானே. அதை வைத்துக்கொண்டு கண்ணாடியா பண்ண முடியும்?

நேரே கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போனேன். நீளக்கைப்பிடி போட்ட பிரஷ் இரண்டு, மொசைக் தேய்க்கிற மருந்து, ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். ஆளுக்கொரு பிரஷ். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். மாசி தேய்க்கிற வேகத்தில் என் இடுப்பு கழன்றது. அவளோ திரும்பித் திரும்பி அந்தக் கட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள், சக்களத்தியைப் பார்க்கிற மாதிரி.

திங்கட்கிழமை முதலாளி வாசலில் நின்று தரையில் அந்தக் கட்டத்தைத் தேடினார். உள்ளே போய் டீ கேட்டார். மாசிதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மத்தியானம் அந்தப் பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. அவர்கள் வேலை எப்படி இருந்தது, எப்போது ஆரம்பிக்கலாம் என்று.

தரையை ஒரு போட்டோ எடுத்தேன். "இதுல உங்க கட்டம் எதுன்னு காட்டுங்க, பேசலாம்" என்று அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமானது. மாசியிடம் எனக்கும் ஒரு டீ கேட்டேன்.