சின்ன ர எழுதிய மூன்று பேர்

கெட்டி அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பேசினாள் பேர்க்காரி. கம்பெனிகளுக்குப் பெயர் வைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். முன்பு ஒரு விளம்பர ஆபீசில் இருந்தாள். முதலாளி தன் மகளுக்குப் பிடித்த பெயர்களையே எல்லார் தலையிலும் கட்டியதால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவள். கோபக்காரி. ஆனால் காரணமில்லாமல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று அவள் பெயர் தேட வந்தது, வீட்டோடு இருக்கும் வயதானவர்களுக்குப் பராமரிப்பு ஆள் அனுப்பும் கம்பெனிக்கு. டாக்டரும் அவருடைய மனைவியின் தம்பியான மச்சினனும் சேர்ந்து தொடங்கினார்கள். அனுப்பும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது நான். அதனால் என்னையும் உட்கார வைத்தாள். "அம்மா, நீங்க பேர் எழுதலாம். ஓட்டு போடக்கூடாது. ஓட்டு முதலாளிங்களுக்கு மட்டும்."

முதலில் யாருக்காக, யார் வாயில் புழங்கப்போகும் பெயர் என்று பேசி எழுதிவைத்தோம். பிறகு பேச்சே கிடையாது. அட்டைக்கு ஒரு பெயர். எழுதியவர் யாரென்று சொல்லக்கூடாது. நல்லது கெட்டது பார்க்காமல் எழுதித் தள்ள வேண்டும். சுவரில் ஒட்டிய பிறகு முதலாளிகள் வாயைத் திறக்காமல், பிடித்த பெயருக்குப் பொட்டு வைத்து வடிகட்ட வேண்டும்; அதுதான் ஓட்டு. கடைசியில் கழிப்பது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். "பிடிக்கலை" என்பது காரணம் ஆகாது. மிஞ்சுகிற பெயரைத்தான் வைப்போம் என்று முதலாளிகள் இருவரும் ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பொட்டு வாங்கியவை மூன்று: அக்கறை, கைத்தாங்கல், பக்கத்துணை.

கழிக்கிற முதல் சோதனை போன். நம்மை முன்பின் தெரியாத ஐந்து முதியவர்களிடம் பேசுவதற்குப் பேர்க்காரி முன்பே கேட்டு வைத்திருந்தாள். மச்சினன் கூப்பிட்டு ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். அவர்கள் எழுதி, எழுத்துக்கூட்டித் திருப்பிப் படிக்க வேண்டும். மற்ற இரண்டு பெயர்களில் யாரும் தடுமாறவில்லை. அக்கறைக்கு மூன்று பேர் சின்ன ர போட்டார்கள்.

அதில் ஒரு கிழவர் கேட்டார்: "அக்கரையா? அவ்வளவு அவசரம் என்னப்பா? நான் இன்னும் இக்கரையிலதானே இருக்கேன்."

மச்சினன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையில் கிடப்பவர் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கரையிலேர்ந்து வந்திருக்கோம்" என்று என் பெண்கள் சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

பேர்க்காரி அந்த அட்டையைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தாள். டாக்டர் எழுந்து வந்து அதை மறுபடி ஒட்டினார்.

"எவனோ எழுத்துப் பிழை விட்டா அதுக்கு நான் பேரை மாத்தணுமா?"

"உங்களுக்குப் போன் பண்ணப்போறது அவங்கதான் சார். தப்பா எழுதிக்கிட்டா உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது."

"அதெல்லாம் பழகிடும். வேன்ல ரெண்டு பக்கமும் எழுதியாச்சு."



"எப்ப எழுதினீங்க அத்தான்?" என்றார் மச்சினன்.

"போன வாரம். உனக்கும் பிடிக்கும்னு நினைச்சேன் மாப்பிள்ளை."

"அப்போ என்னை எதுக்கு இங்க உக்கார வெச்சீங்க? பொம்மைக்குப் பொட்டு வெக்கவா?"

டாக்டர் பேர்க்காரியிடம் திரும்பி, குரலை இறக்கினார். "நீங்க ரிப்போர்ட்ல, எல்லாம் முறைப்படி நடந்து இந்தப் பேர்தான் வந்துச்சுன்னு எழுதிடுங்க. எங்க குடும்பத்துல சண்டை வேண்டாம்."

அவள் முகம் சிவந்தது. "கல்யாணத்தை முடிச்சிட்டுப் பொண்ணு பாக்கக் கூப்பிட்டிருக்கீங்க. இதுல நான் தாம்பாளம் வேற தூக்கணுமா? உங்க பேரை நீங்க வெச்சுக்கறது உங்க இஷ்டம். நான் கழிச்ச பேரை ஜெயிச்சதுன்னு என் கையால எழுதச் சொல்ல உங்களுக்கு என்ன தைரியம்?"

"நீங்க கோபப்படாம—"

"படுவேன்!"

அவளை நான் அடக்கவில்லை. நாற்பது வருஷம் நோயாளிகளின் வீடுகளில் வேலை பார்த்தவள் நான். முடிவை முன்பே எடுத்துவிட்டு "அம்மாகிட்டயும் கேட்டோம்" என்று சொல்லும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாக்களின் முகம் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தது மச்சினனின் முகம்.

மறுநாள் காலை பேர்க்காரி அறிக்கையை இருவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். எனக்கும் ஒரு பிரதி வந்தது. ஒரு பக்கம்தான். அக்கறை: காதால் கேட்டு எழுதியதில் ஐவரில் மூவருக்குப் பிழை, பொருளும் கெடுகிறது, நீக்கப்பட்டது. மற்ற இரண்டு பெயர்களையும் வேறு யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்களா என்று இன்னும் பார்க்கவில்லை. முதலாளிகளில் ஒருவர் இந்தக் கூட்டத்துக்கு முன்பே பெயரை முடிவு செய்துவிட்டதால் தேர்வு நிறைவடையவில்லை. கீழே அவள் கையெழுத்து.

நான் வகுப்பெடுக்கப் போனபோது, மச்சினன் ஆபீஸ் வாசலில் பெயின்டரைக் கூட்டிவந்து நின்றிருந்தார். வேனின் ஒரு பக்கம் வெள்ளையாகிவிட்டது. மறுபக்கத்தில் இருந்த பெயர்மேல் டாக்டர் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.