ஒரு கைப்பேசி, இரண்டு பதில்

“…வரமாட்டேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? யாருகிட்ட சொன்னேன்? இந்தக் கம்பிய இன்னிக்கு எடுத்துடுவாங்கன்னு நாளு எண்ணிக்கினு கெடந்தவ நானு. நானே வேணாம்னுவேனா?”

அந்த அம்மாள் என் மேசை மீது இடது கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வலது கை கழுத்திலிருந்து தொங்கிய தூளியில் கிடந்தது. மணிக்கட்டு எலும்பு கூடுவதற்காகக் குத்தி வைத்திருந்த இரண்டு மெல்லிய கம்பிகள் கட்டுக்குள் இருந்தன. அன்றைக்கு எலும்பு டாக்டர் அவற்றை உருவி எடுக்க வேண்டும். என் கணினித் திரையிலோ அவர் பெயருக்கு நேரே சிவப்பில் ‘ரத்து’ என்று இருந்தது. அவருடைய பதினோரு மணி வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்குப் போய்விட்டது. அவர் ஏற்கெனவே உள்ளே, டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் நான் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். தறியில் உட்கார்ந்து இடுப்பு போனவர்கள், கழுத்து பிடித்தவர்கள், முட்டி தேய்ந்தவர்கள் என்று எங்களுக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து எலும்பு டாக்டர் ஒருவர் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பார். அவரிடம் நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. கிடைத்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிடுவார்கள். கிடைக்காதவர்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை முழுக்க நானே ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்பேன். எனக்குப் பேசப் பிடிக்கும், அது ஊரறிந்தது. ஆனால் ஒரு வீட்டுக்குப் போன் போட்டால் மருமகள் பிரசவம் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். அடுத்த வீட்டுக்குப் போகும்போது பொழுது சாய்ந்துவிடும்.

அதனால்தான் கிளினிக்கை நடத்துகிற பிசியோ அம்மா, முசரவாக்கத்திலிருந்து ஒரு தம்பியை வரவழைத்தார். கடைகளுக்கு பில் போடுகிற மென்பொருள் செய்து கொடுக்கிறவர். நானும் அவரும் உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டை உண்டாக்கினோம். முந்தின நாள் மாலை கணினியே ஒவ்வொருவருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். ‘நாளை காலை 11 மணிக்கு உங்கள் முன்பதிவு. வருகிறீர்களா? ஆமாம் அல்லது இல்லை என்று பதில் அனுப்பவும்.’ கம்பெனிகள் எண்ணுக்குப் பதிலாக எழுத்துப் பெயரில் அனுப்புகிற செய்திக்குப் பதில் போட முடியாது என்று அந்தத் தம்பி சொன்னார். அதற்காக ஒரு பழைய கைப்பேசியில் தனி சிம் போட்டு, என் மேசை ஓரத்தில் எப்போதும் சார்ஜில் வைத்தார். செய்தி அதிலிருந்து போகும், பதில் அதற்கே வரும். ஆமாம் என்றால் பெயர் பச்சையாகும். இல்லை என்றால் சிவப்பாகும், அந்த நேரத்தைக் காத்திருப்பவருக்குக் கேட்டு இன்னொரு செய்தி போகும். அவர் ஆமாம் என்றால் இடம் அவருக்கு.

முதல் வாரத்தில் வந்த பதில்களைப் பார்த்து அந்தத் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாக்கா இது? ஆமாம், இல்ல, ரெண்டுல ஒண்ணு போடறதுக்கு இன்னா கஷ்டம்?”

எனக்கோ வாசிக்க வாசிக்கத் தெவிட்டவில்லை. ‘காமாட்சியம்மன் கூட்டிக்கினு வந்தா வர்றோம்.’ ‘பாக்கறோம்மா.’ ‘நீங்க சாப்டீங்களா?’ ஒருவர், ‘மழ பேஞ்சா வர்றேன்’ என்று போட்டிருந்தார்.

“வெயில் அடிச்சா வர்றேன்னு சொல்றவன பாத்துருக்கேன். மழ பேஞ்சா வர்றவன் யாருக்கா?”

“தெருவுல பாவு நீட்டற ஆளுப்பா. நூல தெரு நெடுக கட்டி இழுத்துக்கினு இருப்பாரு. மழ வந்தாதான் அவருக்கு வேல நிக்கும், வைத்தியத்துக்கு வருவாரு.”

“இதுக்கெல்லாம் நான் கம்ப்யூட்டர் கோடு எழுத முடியாதுக்கா. ஆள வுடுங்க.”

ஆகையால் ஓகே, சரி, வரேன், எஸ் எல்லாம் ஆமாம் கணக்கில் சேர்ந்தன. வரல, முடியாது, நோ எல்லாம் இல்லை கணக்கில். மழைக்காரரைப் போன்றவர்கள் மஞ்சளாக என் திரைக்கு வந்தார்கள், நானே போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். ஒரு விஷயத்தை எல்லோருமாகப் பேசி முடிவு செய்தோம். செய்தியில் நோயாளியின் பெயர் வேண்டாம். “ஒரு போன வீடே வச்சிக்கினு இருக்குது. யாரு எதுக்கு வராங்கன்னு எல்லாரும் படிக்கணுமா?” என்று பிசியோ அம்மா கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

சிவப்பைக் காட்டி அந்த அம்மாளிடம், “உங்க நம்பர்லேருந்து இல்லைன்னு பதில் வந்துருக்குதுக்கா. நேத்து சாயந்திரம்” என்றேன்.

“எனக்கு ஏதும்மா நம்பரு? அது எங்க கொழுந்தனோட போனு.”

கொழுந்தன் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். வண்டிச் சாவியை விரலில் மாட்டியபடி, அப்போதுதான் உள்ளே வந்தவர். அந்த அம்மாள் திரும்பினார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“நீ போட்டியா தம்பி? வரலன்னு நீ போட்டியா?”

“நான் எங்க அண்ணி போட்டேன்? ஆமாம்னுதான் போட்டேன்.”

“பொய் சொல்லாத. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“சத்தியமா அண்ணி…”

“தெரியும்பா எனக்கு. வர்ற வாரத்துக்குள்ள நான் தறியில உக்காரலன்னா முதலாளி பாவு நூல எறக்கி வேற கைக்குக் குடுத்துடுவாரு. வேற கைன்னா யாரு? உன் பொண்டாட்டிதான? முகூர்த்தப் பொடவ, பாதி நெய்ஞ்சி நிக்குது. அண்ணன் இல்லாத வூட்டுல அண்ணிக்குத் தறி எதுக்குன்னு நெனச்சிட்ட.”

அவருடைய கணவர் இறந்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொழுந்தனின் முகம் கறுத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். “இந்தாங்க அண்ணி. நீங்களே வச்சிக்கோங்க. இனிமே உங்க விஷயத்துல நான் எதையும் தொட மாட்டேன்” என்று அதை என் மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. எதிரில் டீக்கடைப் பக்கம் நின்றுவிட்டார் போலிருக்கிறது.

அந்த அம்மாள் அழவில்லை. “டாக்டர கேளும்மா, ஓரமா நின்னு எடுத்துக்கினு போயிடறேன்” என்றார்.

பெரியவர் வெளியே வந்ததும் டாக்டரைக் கேட்டேன். அவர் எழுந்து வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார், கம்பி நுழைந்த இடத்தில் சீழ் இல்லை என்றார். “ஆனா இன்னும் எக்ஸ்ரே எடுக்கலியேம்மா. எலும்பு கூடுச்சான்னு பாக்காம நான் கம்பிய உருவ முடியாது. இப்ப அங்க கூட்டம், எடுத்துட்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள இருக்கற நாலு பேரையும் முடிச்சிட்டு நேரா ஆபரேஷனுக்குப் போயிடுவேன். நாளைக்கு வெளியூர் வேற.” பதினோரு மணிக்காரர்கள் பத்தரைக்கு வந்து அடுத்த தெருவில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருவார்கள். இவரையும் அப்படித்தான் அனுப்பியிருப்பேன். ஆனால் பெயர் சிவப்பாக இருந்ததால் அனுப்பாமல், கொழுந்தன் வரும்வரை பேச்சிலேயே நேரத்தைப் போக்கிவிட்டேன். அடுத்த முறைதான். இரண்டு வாரம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தூளிக்குள் கிடந்த விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டார். தறியில் ஊடுநூலை ஓட்டும் நாடாவை இழுக்கிற கை. இரண்டு வாரம் என்றால் பாவு போய்விடும்.

அந்த நேரம் பார்த்து உள் அறையிலிருந்து பிசியோ அம்மா தலையை நீட்டினார். “பத்து மணி கழுத்துவலிக்காரங்க எங்க? பச்ச காட்டுதே, இன்னும் வரல?”

பத்து மணிப் பெயரைப் பார்த்தேன். இளம்பெண். ஊர், தெரு, வீட்டு எண் எல்லாம் இந்த அம்மாளுடையதுதான். கைப்பேசி எண்ணும் அதேதான்.

“அக்கா, உங்க ஓரகத்திக்கும் இன்னிக்கு இங்க பதிவு இருக்குதா?”

“இருந்துச்சி. கொழந்தைக்கு ஜொரம். அவ வரலன்னுட்டா.”

பதில்கள் வந்த வரிசையைத் திறந்தேன். அந்த எண்ணுக்கு முதலில் போனது பத்து மணிச் செய்தி, அடுத்து பதினோரு மணிச் செய்தி. திரும்பி வந்தது முதலில் ‘இல்லை’, பிறகு ‘ஆமாம்’. முசரவாக்கத்துத் தம்பிக்குப் போன் போட்டேன்.

“ஒரே நம்பருக்கு ரெண்டு செய்தி போயி, ரெண்டு பதில் வந்தா எத எதுக்கு எடுத்துக்கும்பா?”

“கடைசியா போன செய்திக்குக்கா. அதுக்குப் பதில் வந்துட்டா, அதுக்கு முன்னால போனதுக்கு. ஒரு நம்பர்னா ஒரு ஆளுன்னுதான நெனச்சேன்…”

“இங்க ஒரு நம்பர்னா ஒரு வூடுப்பா.”

கொழுந்தன் மேலிருந்து படித்திருக்கிறார். முதல் செய்திக்கு, மனைவிக்காக, இல்லை. இரண்டாவதற்கு, அண்ணிக்காக, ஆமாம். கணினி கீழிருந்து எடுத்திருக்கிறது. ‘இல்லை’யைப் பதினோரு மணிக்கு வைத்து அண்ணியை ரத்து செய்தது. ‘ஆமாம்’ என்பதைப் பத்து மணிக்கு வைத்து, ஜுரக் குழந்தையோடு வீட்டில் இருந்தவளைப் பச்சையாக்கியது. ‘முன்பதிவு ரத்து’ என்று ஒரு செய்தியும், ‘முன்பதிவு உறுதி’ என்று ஒரு செய்தியும் அவருக்குத் திரும்பப் போயிருக்கின்றன. பெயரும் இல்லை, மணியும் இல்லை. ஒன்று ரத்து, ஒன்று உறுதி. அவர் நினைத்தபடியே. சந்தேகப்பட என்ன இருக்கிறது?

“ஒரே நம்பர்ல ரெண்டு பேரு இருந்தா, இனிமே அது தானா எதையும் மாத்தக் கூடாது. மஞ்சளா என்கிட்ட அனுப்பிடு” என்றேன். “இப்பவே மாத்தறேன்க்கா” என்றார் தம்பி. அவர் குரலும் இறங்கியிருந்தது. திரும்பப் போகிற செய்தியில் மணியையாவது போட வேண்டும் என்று பிசியோ அம்மா சொன்னார்.

அந்த அம்மாளை எழுப்பி என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தித் திரையைக் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர். விரல் வைத்து, மேலே போன இரண்டையும், கீழே வந்த இரண்டையும் வாசித்தார். திரும்ப ஒரு முறை வாசித்தார்.

“அப்ப தம்பி சரியாத்தான் போட்டுக்குது.”

“சரியாத்தான் போட்டிருக்காரு அக்கா. எங்களுதுதான் தப்பு.”

“இத்தினி பேரு முன்னாடி கேட்டுட்டேனேம்மா.”

முதலாளியிடம் கிளினிக்கிலிருந்தே பேசுகிறோம், பாவை நிறுத்தி வைக்கச் சொல்கிறோம் என்று பிசியோ அம்மா எண்ணை வாங்கிக்கொண்டார். முதலாளி கேட்பாரோ மாட்டாரோ. டாக்டரின் அடுத்த வருகையில் முதல் இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். போட்டு அழுத்தியதும் மேசை மேல் கிடந்த கொழுந்தனின் கைப்பேசி அதிர்ந்தது. புதுப் பதிவு போட்டதும் ஒரு முறை கேட்கும்படி செய்து வைத்திருந்தோம். ‘வருகிறீர்களா? ஆமாம் அல்லது இல்லை என்று பதில் அனுப்பவும்.’

“குடுங்கக்கா, நானே ஆமாம்னு போட்டுடறேன்” என்று கையை நீட்டினேன். “வேணும்னா இனிமே என் நம்பரையே உங்களுக்குப் போட்டுக்கறேன்.”

“வேணாம்மா. அந்த நம்பரே இருக்கட்டும். தம்பியே போடட்டும்.”

இடது கையால் கைப்பேசியை எடுத்து, செய்தி தெரியும்படி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளித் தெருவில் இறங்கி, டீக்கடைப் பக்கம் நடந்தார்.